20 லட்சம் சொந்தம், 40 லட்சம் கடன்: தொழில் தொடங்குபவர் போட்டுப் பார்க்க வேண்டிய லெவரேஜ் கணக்கு

திருப்பூரில் நிட்டிங் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் ஆரம்பிக்கும் பெரும்பாலோர் முழுப் பணத்தையும் கையிலிருந்து போடுவதில்லை. ஒரு பங்கு சொந்தப் பணம், மீதி பேங்க் லோன். இப்படிக் கடனையும் சேர்த்துப் போட்டுத் தன் முதலீட்டின் லாப விகிதத்தைக் கூட்டிக்கொள்வதைத்தான் நிதித்துறையில் லெவரேஜ் என்கிறார்கள். தொழில் நன்றாக ஓடும் வருடத்தில் போட்ட பணத்துக்கு இரண்டு மடங்கு விகிதத்தில் லாபம் வரும். ஆர்டர் குறைகிற வருடத்தில் அதே கடன் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் இழுக்கும். எவ்வளவு இழுக்கும் என்பதைக் கடன் வாங்குவதற்கு முன்பே, ஒரு நோட்டும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிடலாம். அதற்கான வழிதான் இது.

கணக்குக்காக ஒரு சின்ன நிட்டிங் யூனிட்டை எடுத்துக்கொள்வோம். நூல் பனியன் கம்பெனியுடையது, நாம் துணியாக ஓட்டிக் கொடுத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறோம். மெஷின்களுக்கு 45 லட்சம், கட்டட அட்வான்ஸ், கரண்ட் வேலைகளுக்கு 5 லட்சம், கையில் புழங்க 10 லட்சம். மொத்தம் 60 லட்சம். இவை கணக்குப் புரிவதற்காக எடுத்த தொகைகள், சந்தை விலை அல்ல. உங்கள் தொகைகளை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வருமான வரியையும் இதில் சேர்க்கவில்லை.

படி 1: கடனே இல்லையென்றால் தொழில் எவ்வளவு சம்பாதிக்கும்?

முதலில் கடனை மறந்துவிடுங்கள். 60 லட்சமும் சொந்தப் பணம் என்றே வைத்துக்கொண்டு, ஒரு சாதாரண வருடத்தின் வரவு செலவை எழுதுங்கள்.

நம் யூனிட்டின் ஜாப் ஒர்க் வருமானம் வருடத்துக்கு 60 லட்சம், அதாவது மாதம் 5 லட்சம். செலவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மெஷின் ஓடினால் மட்டும் ஆகும் செலவு ஒன்று: ஓடுகிற யூனிட்டுக்கான கரண்ட், ஊசி, ஆயில், உற்பத்திக்கு ஏற்ற கூலி. இது 20 லட்சம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவு இன்னொன்று: வாடகை, மாதச் சம்பளம், கரண்ட் பில்லில் வரும் நிலைக் கட்டணம், உங்கள் வீட்டுச் செலவுக்கு எடுக்கும் தொகை. இது 23 லட்சம். இதுபோக மெஷின் தேய்மானம் 5 லட்சம். 60லிருந்து இவற்றையெல்லாம் கழித்தால் நிற்பது 12 லட்சம். 60 லட்சம் போட்டு 12 லட்சம் என்றால் 20 சதவீதம்.

இங்கே இரண்டு இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஒன்று, தன் சம்பளத்தைச் செலவில் எழுதாமல் விடுவது. நீங்கள் நாள் முழுக்க மெஷின் பக்கத்தில் நிற்கிறீர்கள். அந்த வேலைக்கு வெளியில் ஒரு ஆளை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அது செலவுதான். அதை விட்டுவிட்டால் 20 சதவீதம் 28 ஆகத் தெரியும், அந்த 28ஐ நம்பிக் கூடுதலாகக் கடன் வாங்கிவிடுவீர்கள். இரண்டாவது, தேய்மானம் வெறும் ஆடிட்டர் எழுத்து என்று ஒதுக்குவது. அந்த வருடம் அதற்காகப் பணம் கையைவிட்டுப் போவதில்லைதான். ஆனால் மெஷின் ஒரு நாள் பழையதாகும். அன்று புதிது வாங்க அந்தப் பணம் வேண்டும்.

செலவை இப்படி இரண்டாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. வருமானத்தில் ஒவ்வொரு 3 ரூபாய்க்கும் 1 ரூபாய்தான் ஓட்டச் செலவு. மீதி 2 ரூபாய் நிலையான செலவை அடைக்கப் போகிறது. அப்படியென்றால் வருமானம் 6 லட்சம் குறைந்தால் லாபம் 4 லட்சம் குறையும். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், மூன்றாம் படியில் தேவைப்படும்.

படி 2: கடனின் உண்மையான வட்டி என்ன?

சொல்லப்படும் வட்டியும் நீங்கள் கட்டும் வட்டியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

பேங்க் டேர்ம் லோனில் பொதுவாகக் குறையும் அசலுக்குத்தான் வட்டி. மாதாமாதம் அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். 40 லட்சம், 11 சதவீதம், 5 வருடம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 86,970 ரூபாய்.

சில ஃபைனான்ஸ் இடங்களில் "8 பர்சென்ட் தான், ஃப்ளாட் ரேட்" என்பார்கள். கேட்கும்போது 11ஐ விட மலிவாகத் தெரியும். ஃப்ளாட் என்றால் நீங்கள் அடைத்துவிட்ட அசலுக்கும் கடைசிவரை வட்டி கட்டுகிறீர்கள். 40 லட்சத்துக்கு 8 சதவீதம் வருடத்துக்கு 3.2 லட்சம், 5 வருடத்துக்கு 16 லட்சம். மொத்தம் 56 லட்சத்தை 60 மாதத்தால் வகுத்தால் மாதம் 93,333. இதைக் குறையும் அசல் முறைக்கு மாற்றிப் பார்த்தால் 14 சதவீதத்துக்குச் சற்று மேல் வருகிறது. 8 என்று சொன்னது 11ஐ விட அதிகம்! வட்டியை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். ஒரே தொகை, ஒரே காலம் வைத்து இ.எம்.ஐ.யைக் கேளுங்கள், எது குறைவோ அதுதான் மலிவு. பிராசசிங் கட்டணம், இன்சூரன்ஸ், பத்திரச் செலவு இவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வெளியில் வாங்கும் கைமாற்று வேறு ரகம். நூற்றுக்கு இரண்டு வட்டி என்பது மாதக் கணக்கு, வருடத்துக்கு 24 சதவீதம். நம் தொழில் சாதாரண வருடத்தில் 20 சதவீதம்தான் சம்பாதிக்கிறது. அப்படியிருக்க 24 சதவீதத்தில் வாங்கிப் போடும் ஒவ்வொரு ரூபாயும், ஆர்டர் வழக்கம்போல வருகிற வருடத்தில்கூட, உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் எடுக்கிறது. லெவரேஜுக்கு இருக்கும் ஒரே அடிப்படை விதி இதுதான்: தொழில் சம்பாதிக்கும் விகிதம் கடன் வட்டியைவிட அதிகமாக இருக்கும்வரைதான் கடன் உங்களுக்காக உழைக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் நீங்கள் கடனுக்காக உழைக்கிறீர்கள்.

படி 3: நல்ல வருடம், கெட்ட வருடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்

இப்போது அதே 60 லட்ச யூனிட்டை இரண்டு பேர் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 60 லட்சமும் சொந்தமாகப் போட்டவர். மற்றவர் 20 லட்சம் சொந்தம், 40 லட்சம் 11 சதவீதக் கடன். வருட வட்டி 4.4 லட்சம் என்று எடுத்துக்கொள்கிறேன். உண்மையில் மாதாமாதம் அசல் குறைவதால் முதல் வருடத்திலேயே இதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் வரும், கணக்கு எளிதாக இருக்கட்டும்.

சாதாரண வருடத்தில் முதலாமவருக்கு 12 லட்சம், 20 சதவீதம். இரண்டாமவருக்கு 12லிருந்து வட்டி 4.4 போக 7.6 லட்சம். அவர் போட்டது 20 லட்சம்தான், எனவே 38 சதவீதம். தொகை குறைவு, விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பு. மிச்சமிருக்கும் சொந்தப் பணத்தை வேறு இடத்தில் போடலாம் என்கிற வசதியும் உண்டு. கடன் வாங்கித் தொழில் செய்பவர்கள் சொல்லும் நியாயம் இதுதான், அதில் தப்பில்லை.

இப்போது வருமானத்தை ஏற்றி இறக்கிப் பார்ப்போம். முன்பு சொன்னபடி, வருமானத்தில் ஒவ்வொரு 10 சதவீதமும் (6 லட்சம்) லாபத்தில் 4 லட்சத்தை மாற்றும்.

| வருமானம் | வட்டிக்கு முந்தைய லாபம் | முழுச் சொந்தப் பணம் | 20 சொந்தம், 40 கடன் |
|---|---|---|---|
| 10% கூடினால் | 16 லட்சம் | 26.7% | 58% |
| சாதாரணம் | 12 லட்சம் | 20% | 38% |
| 10% குறைந்தால் | 8 லட்சம் | 13.3% | 18% |
| 20% குறைந்தால் | 4 லட்சம் | 6.7% | 2% நஷ்டம் |
| 30% குறைந்தால் | 0 | 0 | 22% நஷ்டம் |

கடைசி இரண்டு வரியை நிதானமாகப் பாருங்கள். ஆர்டர் 30 சதவீதம் குறைந்த வருடத்தில் முதலாமவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. தன் சம்பளத்தை எடுத்துக்கொண்டு அடுத்த சீசனுக்குக் காத்திருப்பார். இரண்டாமவர் அதே மெஷின்களை, அதே ஆட்களை வைத்து, அதே வேலையைச் செய்து, தான் போட்ட 20 லட்சத்தில் 4.4 லட்சத்தை இழந்திருப்பார். இப்படி இன்னும் நாலு வருடம் போனால் அவர் பணம் என்று தொழிலில் எதுவும் மிஞ்சாது.

அட்டவணை போடாமல் ஒரே வரியில் கணக்கிடவும் வழி இருக்கிறது. தொழில் சம்பாதிக்கும் விகிதத்திலிருந்து கடன் வட்டி விகிதத்தைக் கழியுங்கள். வருவதைக் கடனுக்கும் சொந்தப் பணத்துக்கும் உள்ள மடங்கால் பெருக்கி, தொழில் விகிதத்தோடு கூட்டுங்கள். நம் கணக்கில் கடன் இரண்டு மடங்கு. சாதாரண வருடத்தில் 20லிருந்து 11 போனால் 9, இரண்டால் பெருக்கினால் 18, 20ஐக் கூட்டினால் 38. தொழில் 5 சதவீதம்தான் சம்பாதித்தது என்றால், 5லிருந்து 11 போனால் மைனஸ் 6, இரண்டால் பெருக்க மைனஸ் 12, 5ஐக் கூட்ட மைனஸ் 7. கடன் நாலு மடங்கு என்றால் அந்த இரண்டு நாலாக மாறும், அவ்வளவுதான்.

சாதாரண வருடத்தின் 38 சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தத் தொழிலில் நிலையான செலவே அதிகம். கடனே இல்லாத ஆளுக்கே 10 சதவீதம் ஆர்டர் குறைந்தால் லாபம் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. கடன் அதன் மேல் இன்னொரு அடுக்காக உட்கார்ந்து, அதே 10 சதவீதத்துக்குப் பாதி லாபத்துக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. வாடகை, சம்பளம் குறைவாக இருந்து, செலவெல்லாம் விற்பனையோடு ஏறி இறங்கும் தொழில் என்றால் இதே அளவு கடனைக் கொஞ்சம் சுலபமாகத் தாங்கும். அதனால் பக்கத்து யூனிட்காரர் எவ்வளவு கடன் வைத்திருக்கிறார் என்று பார்த்து நாமும் அப்படியே வாங்குவதில் அர்த்தமில்லை.

படி 4: லாபத்தை விடுங்கள், பணம் இருக்குமா?

தொழில் மூடப்படுவது பெரும்பாலும் நஷ்டத்தால் அல்ல, கட்ட வேண்டிய தேதியில் பணம் இல்லாததால். மேலே உள்ள அட்டவணையில் வட்டி மட்டும்தான் இருக்கிறது. பேங்குக்கு அசலையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

5 வருட லோனுக்கு இ.எம்.ஐ. 86,970. வருடத்துக்கு 10.44 லட்சம். கட்டுவதற்குக் கையில் என்ன இருக்கிறது? சாதாரண வருடத்தில் லாபம் 12 லட்சம், அதோடு பணமாக வெளியே போகாத தேய்மானம் 5 லட்சத்தைச் சேர்த்தால் 17 லட்சம். 17ஐ 10.44ஆல் வகுத்தால் 1.63. பேங்கில் டி.எஸ்.சி.ஆர். என்று கேட்பார்களே, அது இந்த எண்தான். ஒரு ரூபாய் தவணைக்குக் கையில் எத்தனை ரூபாய் இருக்கிறது என்று அர்த்தம்.

10 சதவீதம் ஆர்டர் குறைந்தால் கையில் 13 லட்சம், எண் 1.25க்குச் சற்றுக் கீழே. 20 சதவீதம் குறைந்தால் 9 லட்சம், எண் 0.86. அதாவது 1.44 லட்சம் துண்டு விழுகிறது. அட்டவணையில் அந்த வருடம் வெறும் 2 சதவீத நஷ்டம், 40,000 ரூபாய்தான். அதைப் பார்த்து "சமாளிச்சிடலாம்" என்று தோன்றும். பணக் கணக்கில் அதைப்போல மூன்றரை மடங்கு ஓட்டை.

இதைத் தலைகீழாகவும் போட்டுப் பாருங்கள், இன்னும் தெளிவாகும். நிலையான செலவு 23 லட்சம், தவணை 10.44 லட்சம், கூட்டினால் 33.44 லட்சம். வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இதற்கு வருகிறது, எனவே 33.44ஐ ஒன்றரையால் பெருக்க வேண்டும். சுமார் 50.2 லட்சம் வருமானம் வந்தால்தான் பணம் சரிக்குச் சரியாக நிற்கும். 60 லட்சத்திலிருந்து 16 சதவீதம் குறையும்வரைதான் தாங்கும். கடனே இல்லாதவருக்கு இதே கணக்கு 34.5 லட்சம். அவர் 42 சதவீதம் ஆர்டரை இழந்தும் வாடகையும் சம்பளமும் கொடுப்பார்.

இந்த 16ஐ எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். உங்கள் தொழிலில் கடந்த சில வருடங்களில் ஒரே வருடத்தில் ஆர்டர் 16 சதவீதம் குறைந்ததுண்டா என்று அனுபவமுள்ள நாலு பேரிடம் விசாரியுங்கள். உண்டு என்றால் இந்தக் கடன் அமைப்பு உங்களுக்கு ஆகாது.

படி 5: கெட்டவை ஒன்றாகத்தான் வரும்

கணக்குப் போடும்போது ஒரு நேரத்தில் ஒரு பிரச்சினையை மட்டும் மாற்றிப் பார்க்கிறோம். நிஜத்தில் அப்படி வருவதில்லை.

2022ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2019 அக்டோபர் முதல் குறு, சிறு தொழில்களுக்கான புதிய மாறும் வட்டிக் கடன்களை, பேங்குகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலோடு பேங்குகள் இணைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த ரெப்போ 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம். 40 லட்சக் கடனுக்கு இந்த இரண்டரை சதவீதம் வருடத்துக்கு ஒரு லட்சம் கூடுதல் வட்டி. பேங்க் சில சமயம் இ.எம்.ஐ.யை ஏற்றாமல் தவணைக் காலத்தை நீட்டிவிடும், அதனால் பலருக்கு உடனே உறைக்காது. அதே காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலைவாசி ஏறி, அங்கே மக்கள் துணி வாங்குவது குறைந்து, திருப்பூருக்கு வரும் ஆர்டரும் குறைந்தது. விலைவாசி என்கிற ஒரே காரணம்தான் இங்கே வட்டியை ஏற்றியது, அங்கே ஆர்டரைக் குறைத்தது. தனித்தனி துரதிர்ஷ்டம் என்று இதைச் சொல்ல முடியாது.

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 50 சதவீதம்வரை வரி போட்டபோது அடி வேறு வழியாக வந்தது. உங்கள் பார்ட்டி அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர் என்றால், நீங்கள் ஒரு பீஸ்கூட ஏற்றுமதி செய்யாவிட்டாலும் உங்கள் மெஷின் நிற்கும்.

ஆர்டர் குறையும்போது மூன்றாவதாக ஒன்றும் நடக்கும்: வசூல் தள்ளிப்போகும். 45 நாளில் பணம் தந்த பார்ட்டி 90 நாள் என்பார். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ.டி. சட்டம் சொல்கிறது. ஆனால் நாளைக்கும் வேலை தரப்போகிறவர் மீது யார் புகார் கொடுப்பார்கள்? மாதம் 5 லட்சம் வருமானத்தில் ஒன்றரை மாதம் தள்ளிப்போனால் 7.5 லட்சம் வெளியே நிற்கும். புழங்க வைத்திருந்த 10 லட்சத்தில் முக்கால்வாசி அதோடு போச்சு. புத்தகத்தில் லாபம் இருக்கும், பத்தாம் தேதி இ.எம்.ஐ. திரும்பிவிடும்.

ஆகவே படி 3, படி 4 கணக்கை இன்னொரு முறை போடுங்கள். இந்த முறை ஆர்டர் 20 சதவீதம் குறைவு, வட்டி 2 சதவீதம் கூடுதல், வசூல் 45 நாள் தாமதம், மூன்றும் ஒரே வருடத்தில். பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, எவ்வளவு கடன் என்கிற கேள்விக்குப் பதில் இந்தத் தாளிலிருந்துதான் வர வேண்டும்.

படி 6: கெட்ட வருடத்திலிருந்து பின்னோக்கி வந்து கடன் தொகையை முடிவு செய்யுங்கள்

"பேங்க் எவ்வளவு கொடுக்கும்?" என்று ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். மெஷினரி லோனில் கால்வாசி மார்ஜின் போட்டால் மீதியைத் தரத் தயாராக இருக்கும் பேங்குகள் உண்டு. பேங்க் தரும் அளவு வேறு, நீங்கள் தாங்கும் அளவு வேறு.

20 சதவீதம் ஆர்டர் குறைந்த வருடத்தில் கையில் வருவது 9 லட்சம் என்று பார்த்தோம். தவணை அதற்குள் அடங்க வேண்டும், அதாவது மாதம் 75,000. அதற்கு இரண்டு வழி.

முதல் வழி, காலத்தை நீட்டுவது. அதே 40 லட்சத்தை 7 வருடமாக வாங்கினால் இ.எம்.ஐ. சுமார் 68,490, வருடத்துக்கு 8.22 லட்சம். 20 சதவீதக் குறைவைத் தாண்டிவிடலாம், தாங்கும் அளவு 16லிருந்து 22 சதவீதம் ஆகிறது. இதற்கு விலை உண்டு: 5 வருடத்தில் சுமார் 12.2 லட்சமாக இருந்த மொத்த வட்டி 17.5 லட்சம் ஆகும். அந்தக் கூடுதல் 5.3 லட்சத்தை இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரிதான் பார்க்க வேண்டும். மெஷின் 7 வருடத்துக்கும் மேல் நன்றாக ஓடும் என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். செகண்ட் ஹேண்ட் மெஷினுக்கு நீண்ட கால லோன் வாங்கினால், மெஷின் பழைய இரும்புக்குப் போன பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது வழி, கடனையே குறைப்பது. இன்னும் ஒரு வருடம் காத்திருந்தோ, ஒரு பங்காளியைச் சேர்த்தோ சொந்தப் பணத்தை 30 லட்சமாக்கி, 30 லட்சம் மட்டும் 7 வருடத்துக்கு வாங்கினால் இ.எம்.ஐ. சுமார் 51,370, வருடத்துக்கு 6.16 லட்சம். ஆர்டர் 27 சதவீதம் குறையும்வரை பணம் நிற்கும். சாதாரண வருடத்தில் உங்கள் பணத்துக்கு 38 சதவீதத்துக்குப் பதில் 29 சதவீதம்தான் வரும். 30 சதவீதம் குறைந்த வருடத்தில் நஷ்டம் 22க்குப் பதில் 11 சதவீதம். என்னைக் கேட்டால், முதல் தடவை தொழில் தொடங்குபவர் இந்த ஒன்றுக்கு ஒன்று அளவைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பார்ட்டிகள் பழகி, வசூல் எப்படி வருகிறது என்று தெரிந்த பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

இதோடு ஆறு மாத இ.எம்.ஐ., இங்கே சுமார் 3.1 லட்சம், தனிக் கணக்கில் கிடக்கட்டும். 30 சதவீதம் குறைந்த வருடத்தில் துண்டு விழுவது 1.16 லட்சம்தான், இந்த இருப்பு இரண்டு வருடத்துக்கு மேல் தாங்கும். புழங்கும் 10 லட்சத்தோடு இதைக் கலக்கக் கூடாது. கலந்தால் ஊசி, ஆயிலுக்கோ ஆள் அட்வான்சுக்கோ போய்விடும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொன்று. தனி நபர் தொழில் என்றால் தொழிலின் கடன் உங்கள் சொந்தக் கடன். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தாலும் பேங்க் பெரும்பாலும் டைரக்டர்களின் தனிப்பட்ட ஜாமீன் கேட்கும். வீட்டுப் பத்திரம் வைத்திருந்தால் மேலே பார்த்த நஷ்டம் 20 லட்சத்தோடு நிற்காது. அடமானம் இல்லாத லோன் என்று சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்கிற கடன் உத்தரவாதத் திட்டத்தில் வாங்குகிறவர்கள் சிலர், கட்ட முடியாவிட்டால் அரசு கட்டிவிடும் என்று நினைக்கிறார்கள். அந்த உத்தரவாதம் பேங்குக்குத்தான். உங்கள் கடன் அப்படியே இருக்கும், பேங்க் உங்களிடம் வசூலிக்கத்தான் வரும்.

கடன் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது என்று எப்படித் தெரியும்?

வருட முடிவில் ஆடிட்டர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம், அதற்குள் எட்டு மாதம் ஓடியிருக்கும். பேங்க் ஸ்டேட்மெண்டே சொல்லிவிடும். சி.சி. கணக்கு, அதாவது புழங்குவதற்குப் பேங்க் தரும் கேஷ் கிரெடிட், வேலை நடக்கும் மாதங்களில் லிமிட் பக்கம் ஏறி, வசூல் வந்ததும் இறங்க வேண்டும். அது மாதக்கணக்கில் லிமிட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், புழங்குவதற்கான பணம் நிலையான கடனாக மாறிவிட்டது. டேர்ம் லோன் தவணையைச் சி.சி.யிலிருந்து கட்டுவது அடுத்த கட்டம். கடனை அடைக்கக் கடன் வாங்குகிறீர்கள், மொத்தக் கடன் குறையவே இல்லை. ஜி.எஸ்.டி.க்கும் பி.எஃப்.க்கும் ஒதுக்கிய பணத்தை எடுத்து இ.எம்.ஐ. கட்டினால் அதுவும் இதே ரகம்தான்.

இரண்டு வட்டிக்கு வாங்கித் தவணை கட்டும் நிலை வந்தால் நேராகப் பேங்க் மேனேஜரிடம் போங்கள். ஏன் என்றால் பேங்கின் கடிகாரம் வேகமானது. தவணை தவறிய நாளிலிருந்தே கணக்கைக் கண்காணிப்புப் பட்டியலில் வைப்பார்கள். 30 நாள், 60 நாள் என்று அடுத்தடுத்த படிக்குப் போய், 90 நாளைத் தாண்டினால் வாராக் கடன். அதன் பிறகு 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, அடமானச் சொத்தைக் கைப்பற்றும் நடவடிக்கைக்குப் போகலாம். 90 நாளுக்கு முன்பு போய்த் தவணைக் காலத்தை நீட்டவோ கடனைத் திருத்தி அமைக்கவோ கேட்டால் அவர்களுக்கும் இடம் இருக்கும். வாராக் கடன் ஆன பிறகு அந்த மேனேஜரே நினைத்தாலும் செய்யக்கூடியது குறைவு.

நல்ல வருடம் வந்தால் என்ன செய்வது?

உடனே இன்னொரு மெஷின் என்று தோன்றும். அதற்கு முன் பழைய கடனில் கொஞ்சம் அடைத்துவிடலாமா என்று பாருங்கள். 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களுக்கு, குறு, சிறு தொழில்களிடம் முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணம் வாங்கக் கூடாது என்று வணிக வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. பழைய கடன் என்றால் உங்கள் சாங்ஷன் லெட்டரைப் பாருங்கள்.

அடைக்கும்போது பேங்கில் கேட்பார்கள்: இ.எம்.ஐ.யைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா? காலத்தைக் குறைத்தால் வட்டி அதிகம் மிச்சம், வீட்டுக் கடனுக்கு எல்லாரும் சொல்வது அதைத்தான். ஆர்டர் ஏறி இறங்கும் தொழிலுக்கு நான் இ.எம்.ஐ.யைக் குறைக்கவே சொல்வேன். 30 லட்ச லோனில் ஒரு வருடம் கழித்து சுமார் 27 லட்சம் பாக்கி இருக்கும். அதில் 4 லட்சம் அடைத்து, மீதியுள்ள 6 வருடத்தை அப்படியே வைத்துக்கொண்டால் தவணை 51,370லிருந்து சுமார் 43,760 ஆகும். வருடத்துக்கு 91,000 ரூபாய் மிச்சம், அதாவது 1.37 லட்சம் ரூபாய் ஜாப் ஒர்க் குறைவாக வந்தாலும் பணம் நிற்கும். தாங்கும் அளவு 27லிருந்து 29 சதவீதத்தைத் தாண்டுகிறது. மனு கொடுக்கும்போது "இ.எம்.ஐ. குறைக்கவும், காலம் மாற்ற வேண்டாம்" என்று எழுத்தில் கொடுத்து, புதிய தவணை அட்டவணையை வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்டால் சில பேங்குகளில் கணினி தானாகவே காலத்தைத்தான் குறைக்கும்.